கேலரிப் படத்தில் இருப்பவரை அழுத்திப் பிடித்து ஸ்டிக்கர் ஆக்குதல்: ஐபோனில் செய்முறையும் அதன் எல்லைகளும்

தாத்தா வீட்டுத் திண்ணையில் கைத்தடியுடன் அமர்ந்திருக்கும் ஒரு படத்தை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கான ஸ்டிக்கராக மாற்ற முயன்றபோது, முதலில் கிடைத்த உருவத்தில் கைத்தடியின் கீழ்ப்பாதி காணாமற்போய், வேட்டியின் ஓரம் சுவரோடு சேர்ந்து அரித்தாற்போல் இருந்தது. இவற்றுள் முதற்குறையைச் சரிசெய்ய முடிந்தது. இரண்டாவதை ஓரளவே சரிசெய்ய முடிந்தது. அந்த அனுபவத்தைக் கொண்டே இதை எழுதுகிறேன்.

இந்த வசதி 2022 செப்டம்பரில் ஐஓஎஸ் 16 பதிப்புடன் வந்தது. பிரித்தெடுத்த உருவத்தை நேரே ஸ்டிக்கராகச் சேமிக்கும் வழி 2023இல் ஐஓஎஸ் 17உடன் சேர்ந்தது. ஏ12 சில்லு கொண்ட ஐபோன் எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் ஆகியவற்றிலும் அவற்றுக்குப் பின் வந்த போன்களிலும் மட்டுமே இது இயங்கும். ஐபோன் 8, ஐபோன் எக்ஸ் ஆகியவற்றில் ஐஓஎஸ் 16 நிறுவ முடிந்தாலும் இந்த வசதி இருக்காது என்பதால், அவற்றை வைத்திருப்பவர்கள் அமைப்புகளில் தேடி நேரம் செலவிட வேண்டாம்.

செய்முறை

போட்டோஸ் செயலியில் படத்தை முழுத்திரையில் திறந்து, யாரைப் பிரிக்க வேண்டுமோ அவர் உடலின் நடுப்பகுதியில் விரலை வைத்து அசைக்காமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். சற்று நேரத்தில் உருவத்தின் விளிம்பைச் சுற்றி ஓர் ஒளிக்கோடு ஓடும். அப்போது விரலை எடுத்தால் ஒரு பட்டியல் தோன்றும். அதில் "Add Sticker" என்பதைத் தொட்டால், உருவம் ஸ்டிக்கர் தொகுப்பில் சேர்ந்துவிடும். சேர்ந்த ஸ்டிக்கரை அங்கே அழுத்திப் பிடித்து "Add Effect" மூலம் வெள்ளைக் கரை போன்ற அலங்காரங்களைத் தரலாம். அதன்பின் எமோஜி விசைப்பலகையின் வழியாகவே அந்த ஸ்டிக்கரை எடுத்து அனுப்பலாம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். "Edit" திரைக்குள் இருந்துகொண்டு அழுத்தினால் இது நடக்காது. படத்தைப் பார்க்கும் சாதாரணத் திரையில்தான் அழுத்த வேண்டும். ஒளிக்கோடு ஓடும்போதே எந்தெந்த இடம் விடுபட்டுள்ளது என்பதை அதன் பாதையில் பார்த்துவிடலாம். கோடு கைத்தடியின் பாதியிலேயே திரும்பிவிட்டால், வரப்போகும் ஸ்டிக்கரிலும் பாதித் தடிதான் இருக்கும்.

என்னைத் தடுக்கிய இடம்: தடி ஏன் மறைந்தது

உருவத்தைக் கண்டறியும் மென்பொருள், படத்தை அதன் முழு அளவில் வைத்து ஆராய்வதில்லை. படம் முதலில் 512 × 512 புள்ளிகள் கொண்ட சிறு சதுரமாகச் சுருக்கப்படுகிறது. அந்தச் சிறு படத்தில் எது முன்னணி, எது பின்னணி என்று தீர்மானித்த பிறகுதான், கிடைத்த விளிம்பு மூலப்படத்தின் அளவுக்கு ஏற்பச் செம்மைப்படுத்திப் பெரிதாக்கப்படுகிறது. என் படத்தின் அகலம் 3024 புள்ளிகள்; அதில் தடியின் தடிமன் ஏறத்தாழ 16 புள்ளிகள். 512க்குச் சுருங்கும்போது தடி 3 புள்ளிக்கும் குறைவான ஒரு கீற்றாகிவிடுவதால், மென்பொருள் அதைப் பின்னணியின் ஒரு கோடாகக் கருதிக் கைவிட்டுவிடுகிறது.

விரல்களால் படத்தைப் பெரிதாக்கிவிட்டு அழுத்திப் பார்த்தேன். அதனால் பயன் கிடைக்கவில்லை, ஏனெனில் திரையில் பெரிதாகத் தெரிந்தாலும் படம் மாறுவதில்லை. படத்தைக் கத்தரிப்பதே சரியான வழி. முதலில் மூலப்படத்துக்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டு, "Edit" சென்று, தாத்தாவையும் தடியையும் சுற்றிச் சிறிதளவு இடம் மட்டும் விட்டு ஏறத்தாழ 1100 புள்ளி அகலத்துக்குக் கத்தரித்து, "Done" கொடுத்து வெளியே வந்து அழுத்தினேன். இப்போது அதே தடி சுருங்கிய படத்தில் 7 புள்ளி தடிமனுடன் நின்றதால், ஒளிக்கோடு அதன் நுனிவரை சென்று திரும்பியது. திண்ணைத் தூணையும் உள்ளே விட்டு இறுக்கமின்றிக் கத்தரித்தபோது தூணின் ஒரு பகுதியும் உருவத்தோடு வந்துவிட்டது. ஆகவே கத்தரிக்கும்போது அருகிலுள்ள பெரிய பொருள்களை முடிந்தவரை வெளியே விடுவது நல்லது.

கத்தரிப்பதால் தீராதவை

தாத்தாவின் வெள்ளை வேட்டிக்குப் பின்னால் இருந்ததும் சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவர். அங்கே விளிம்பே தெளிவாகத் தெரியாதபோது, எவ்வளவு கத்தரித்தாலும் மென்பொருளுக்குப் பிடிப்பு கிடைப்பதில்லை. நகலில் வெளிச்சத்தைக் குறைத்து, நிற வேறுபாட்டைக் கூட்டிய பிறகு மடிப்பின் நிழல் தெரியத் தொடங்கியதால் ஓரம் சற்றுத் திருந்தியது, ஆனால் ஸ்டிக்கரும் இருண்டது.

தாத்தாவின் மடியில் பேத்தி அமர்ந்திருந்த மற்றொரு படத்தில் இருவரும் ஒரே உருவமாகவே வந்தார்கள். இந்த மென்பொருள் ஆளா, நாற்காலியா என்று பெயர் அறிந்து பிரிப்பதில்லை. எது முன்னே எழுந்து நிற்கிறதோ அதை ஒட்டுமொத்தமாக எடுக்கிறது. ஒட்டி அமர்ந்திருப்பவர்களும் அவர்கள் சாய்ந்திருக்கும் நாற்காலியும் சேர்ந்துவருவதற்கும், இடுப்புக்கும் மடக்கிய கைக்கும் இடையே தெரியும் சுவர்த்துண்டு சிலவேளை உருவத்திலேயே தங்கிவிடுவதற்கும் இதுவே காரணம். கூட்டம் நிறைந்த படத்தில் முன்னணி எதுவென்றே தெளிவாகாவிட்டால், எவ்வளவு நேரம் அழுத்தினாலும் ஒளிக்கோடு தோன்றாது.

இவை எல்லாவற்றையும் விட எனக்குப் பெருங்குறையாகத் தோன்றுவது, போட்டோஸ் செயலிக்குள் விளிம்பைக் கையால் திருத்த ஒரு தூரிகையோ அழிப்பானோ தரப்படாததுதான். ஆகவே சுவர்த்துண்டு தங்கிய உருவங்களைப் பட்டியலிலுள்ள "Share" வழியாக "Save Image" கொடுத்துச் சேமித்து, அழிப்பான் உள்ள வேறொரு வரைகலைச் செயலியில் திருத்துகிறேன். ஸ்டிக்கராகவே சேர்ப்பதைவிட இந்த வழியையே நான் விரும்புகிறேன், ஏனெனில் கையில் ஒரு கோப்பு இருந்தால் அதைப் பிற்பாடும் திருத்த முடியும்.

அனுப்பும்போது கவனிக்க வேண்டியது

அவ்வாறு சேமிக்கப்படுவது பின்னணி ஒளிபுகும் பிஎன்ஜி கோப்பு. அதை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் ஜேபிஜியாக மாறிவிடும். ஜேபிஜியில் ஒளிபுகும் பகுதி என்ற ஒன்றே இல்லாததால், வெற்றிடம் ஒரே நிறத்தால் நிரம்பிவிடும். பின்னணி நீங்கவில்லை என்று நினைத்து மீண்டும் மீண்டும் வெட்டுபவர்கள் பலர் உண்மையில் இங்கேதான் சிக்கியிருக்கிறார்கள். ஸ்டிக்கராக அனுப்ப வேண்டும், அல்லது ஆவணமாக இணைக்க வேண்டும்.

பிற்சேர்க்கை

அழுத்தியதும் உருவம் பிரியாமல் படம் அசையத் தொடங்குகிறது என்று இரண்டு வாசகர்கள் எழுதியிருந்தார்கள். அது லைவ் போட்டோ. அதை அழுத்திப் பிடிப்பதே அதை ஓடவிடும் சைகையும் ஆகும். "Duplicate" தெரிவில் "Duplicate as Still Photo" கொடுத்து, அசையாத நகலை எடுத்து அதில் அழுத்தினால் இந்தக் குழப்பம் இல்லை. அந்த நகலையே கத்தரிக்கவும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பதால், இப்போது எல்லாப் படங்களுக்கும் இதையே முதற்படியாக வைத்திருக்கிறேன்.

சாம்சங் போன் வைத்திருக்கும் ஒருவர் தம் கேலரியில் இது உண்டா என்று கேட்டிருந்தார். 2023இல் வந்த ஒன் யூஐ 5.1 முதல் கேலக்ஸி எஸ்23 முதலான போன்களில் இதே போல் அழுத்திப் பிடித்து உருவத்தை நகலெடுக்கவும் பகிரவும் முடியும்.