டைரிக் குறிப்பிலிருந்து கவிதை: எதை வைப்பது, எதை வெட்டுவது

ஒரு தையல்கடைக்காரரின் மகள் எழுதிய டைரிக் குறிப்பு இது என்று வைத்துக்கொள்வோம். பயிற்சிக்காக நான் எழுதியதுதான்.

"இன்று அப்பா கடையைக் காலி செய்தோம். காலையிலேயே மாமாவும் நானும் போய்விட்டோம். நல்ல வெயில். ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டது, குனிந்துதான் உள்ளே போனோம். மெஷினை வாங்க ஆள் வந்தார், பேரத்திலேயே ஒரு மணி நேரம் போச்சு. அலமாரியில் யாரும் வாங்கிப் போகாத ஜாக்கெட் ஒன்பது கிடந்தது. ஒன்றில் அப்பா கையெழுத்தில் ஒரு சீட்டு, குண்டூசி குத்தி: 'வெள்ளி கண்டிப்பாக'. கொக்கி வைக்கத்தான் பாக்கி. மனசு பாரமாகிவிட்டது. எவ்வளவு உழைத்திருப்பார்! வாழ்க்கை நிலையில்லாதது. மதியம் பரோட்டா. ஓனரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தோம்."

1. ஒவ்வொரு வரிக்கும் ஓர் எழுத்துப் போடுங்கள்

பள்ளியில் அகப்பாட்டுக்கு, அதாவது சங்ககாலக் காதல் பாட்டுக்குப் படித்த முதல், கரு, உரி நினைவிருக்கிறதா? நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்தில் உள்ள உணவு, விலங்கு, பறவை, மரம், தொழில் போன்றவை கருப்பொருள். அங்கே நடக்கும் மனநிகழ்வு உரிப்பொருள். டைரியின் ஓரத்தில் பென்சிலால் மு, க, உ என்று குறித்துக்கொண்டே போங்கள். அப்பாவைப் பற்றிய பாட்டு இலக்கணப்படி அகப்பாட்டு ஆகாது. கருவியை மட்டும் கடன் வாங்குகிறோம்.

நம் குறிப்பில் காலை, வெயில், கடை எல்லாம் 'மு'. ஷட்டர், மெஷின், ஜாக்கெட், சீட்டு, கொக்கி, பரோட்டா, சாவி 'க'. மனசு பாரம், உழைப்பு, நிலையாமை மூன்றும் 'உ'.

2. 'உ' வரிகளை முதலில் அடியுங்கள்

மூன்றையும் அடித்துவிடுங்கள். புதிதாக எழுதுபவர்களுக்குக் கை நடுங்கும் இடம் இதுதான், ஏனென்றால் டைரி எழுதியதே அந்த வரிகளுக்காக என்று தோன்றும். ஆனால் "மனசு பாரமாகிவிட்டது" என்ற வரியை எந்த டைரிக்கும் மாற்றி ஒட்டலாம். "கொக்கி வைக்கத்தான் பாக்கி" என்பதை ஒட்ட முடியாது. அந்தப் பாரத்தை இனி சுமக்க வேண்டியது கொக்கிதான்.

3. 'க'வில் ஒன்றோடொன்று பேசுகிறவை எவை?

ஜாக்கெட், சீட்டு, கொக்கி மூன்றும் ஒரே பொருளைச் சுற்றியவை. வாங்க வராதவர்கள், சொன்ன வாக்கு, முடியாத வேலை. இவை இருக்கட்டும். பரோட்டா உண்மைதான், ஆனால் மற்ற எதனோடும் ஒட்டவில்லை. மெஷின் பேரம் வலுவான காட்சி. சீட்டின் பக்கத்தில் வைத்தால் இரண்டும் சண்டை போடும். எடுத்துவிடுவோம். 'மு'வில் கடை மட்டும் போதும், வெயில் வேண்டாம். "இன்று", "நான்" தேவையே இல்லை. மாமா, ஷட்டர், சாவி மூன்றும் போகட்டும்.

இப்போது மிஞ்சியது:

கடை அலமாரியில் ஒன்பது ஜாக்கெட்.
ஒன்றில் சீட்டு:
"வெள்ளி கண்டிப்பாக."
கொக்கி வைக்கத்தான் பாக்கி.

4. கதை தெரியாத ஒருவரிடம் காட்டுங்கள்

நன்றாக இருக்கிறதா என்று கேட்க வேண்டாம். யார், எங்கே, என்ன நடந்தது என்று கேளுங்கள். மேலே உள்ளதைப் படித்தவர் "யாரோ ஜாக்கெட் தைக்கக் கொடுத்திருக்கிறார்கள்" என்பார். அளவுக்கு மீறி வெட்டிவிட்டோம். அப்பாவும் இல்லை, கடை காலியாவதும் இல்லை. அந்த இரண்டையும் திரும்பக் கொண்டுவர வேண்டும், ஆனால் "இறந்துபோன அப்பா" என்று சொல்லாமல்.

காலி செய்ய வந்த கடை,
பாதி ஷட்டர், குனிந்து போனால்
யாரும் வாங்க வராத
ஒன்பது ஜாக்கெட்.
ஒன்றில் குண்டூசி குத்திய சீட்டு,
அப்பா கையெழுத்து:
"வெள்ளி கண்டிப்பாக."
கொக்கி வைக்கத்தான் பாக்கி.

அடித்த ஷட்டரை நான் திரும்ப எடுத்ததற்குக் காரணம் அந்தக் குனிதல். அதற்கு விளக்கம் சேர்த்தால் கெட்டுவிடும்.

5. கடைசி வரி

சீட்டோடு முடிக்கலாமே என்று தோன்றும். முடித்தால் துணுக்கின் கடைசி வரி மாதிரி 'டக்' என்று மூடிக்கொள்ளும், படிப்பவர் ஒரு "அட!" போட்டுவிட்டுப் போய்விடுவார். கொக்கியில் முடித்தால் வேலை பாக்கியிருக்கிறது. அன்று வெள்ளிக்கிழமை என்று ஒரு பொய்யைச் சேர்க்கவும் ஆசை வரும். கவிதையில் பொய் சொல்லக் கூடாது என்றில்லை. ஆனால் இந்தத் தற்செயல் ரொம்ப வசதியானது, படிப்பவருக்குச் சந்தேகம் வந்துவிடும்.

6. வரிகளைச் சேர்த்துப் பாருங்கள்

எல்லா வரியையும் ஒரே பத்தியாக ஒட்டி வாய்விட்டுப் படியுங்கள். பழைய டைரி போலவே ஓடினால் நீங்கள் செய்தது என்டர் தட்டியது மட்டும்தான். குறிப்பாக "செய்தோம், போனோம், வந்தோம்" என்று ஓம், ஓம் என முடியும் வினைகள் மிஞ்சியிருக்கின்றனவா பாருங்கள். மேலே உள்ளதில் ஒன்றுகூட இல்லை.

டைரியில் அடித்ததை ரப்பரால் அழிக்க வேண்டாம். மெஷின் பேரம் தனியாக இன்னொரு கவிதை. அதை எழுதும்போது சீட்டை வெளியே விட்டுவிடுங்கள்.