80 வீதத்தில் நிற்கும் லப்டொப்: பற்றரியை மாற்ற ஓடுவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரவு முழுக்கச் சார்ஜில் போட்ட லப்டொப்பை விடிய எழும்பிப் பார்த்தால் 80 வீதம். வயரைக் கழற்றி மாட்டினாலும் 80. பக்கத்து அறைப் பிள்ளையின் சார்ஜரை வாங்கிப் போட்டாலும் 80. இப்படி ஒரு லப்டொப் கைக்கு வந்தால் பலரும் முதலில் சொல்வது, "பற்றரி போட்டுது, மாத்த வேணும்" என்பதுதான். ஆனால் மேலே சொன்ன மூன்று அறிகுறிகளும் பற்றரி நன்றாக இருக்கிறது என்ற பக்கத்தையே காட்டுகின்றன. பழுதான பற்றரி இவ்வளவு ஒழுங்காக, ஒவ்வொரு முறையும் ஒரே இலக்கத்தில் நிற்பது அரிது.

80 என்பது தற்செயலாக வந்த இலக்கமும் அல்ல. லித்தியம் செல் நிரம்பி நிற்கும்போது அதன் மின்னழுத்தம் ஏறத்தாழ 4.2 வோல்ற். அந்த உயரத்தில், அதுவும் சூட்டில், நாட்கணக்காக நின்றால் செல் விரைவாகக் கிழடு தட்டும். எந்நேரமும் வயரோடு மேசையில் இருக்கும் லப்டொப்புக்கு நடப்பது இதுதான். ஆகவே தயாரிப்பாளர்கள் 80 அளவில் சார்ஜை நிறுத்தும் ஏற்பாடு ஒன்றை வைத்திருக்கிறார்கள். சித்திரை, வைகாசியில் சீற் கூரைக்குக் கீழே வேலை செய்யும் ஒரு லப்டொப்புக்கு அது உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. சிக்கல் என்னவென்றால், அது போடப்பட்டிருப்பது அதைப் பாவிப்பவருக்கே தெரியாமல் இருப்பது.

விண்டோஸை அழித்துப் போட்டால் சரியாகும் என்று நம்புவது

கொழும்பு அலுவலகங்களில் பாவித்துக் கழித்த லப்டொப்புகள் யாழ்ப்பாணக் கடைகளுக்கு நிறைய வருகின்றன. விற்பவர் பழைய தரவுகளை அழித்துப் புது விண்டோஸ் போட்டுத் தருவார். முன்பு பாவித்தவர் 80 வீத எல்லையைப் போட்டு வைத்திருந்தால், புது விண்டோஸ் அதைத் தொடாது. ஏனென்றால் சார்ஜை நிறுத்துவது விண்டோஸ் அல்ல, தாய்ப்பலகையில் இருக்கும் ஒரு சிறு கட்டுப்பாட்டுச் சிப். எல்லை அதற்குள்ளே, அல்லது விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருளான பயோஸில், பதிவாகியிருக்கும். விண்டோஸை அழிக்கும்போது அழிவது அந்த எல்லையைக் காட்டும் செயலிதான். பூட்டு அப்படியே இருக்க, திறப்பு மட்டும் தொலைந்த நிலை.

இணையத்தில் அடிக்கடி சொல்லப்படும் இன்னொரு வைத்தியம், Device Manager-இல் Microsoft ACPI-Compliant Control Method Battery என்பதை நீக்கிவிட்டு மறுபடி இயக்குவது. செய்தால் கெடுதல் இல்லை. ஆனால் மேலே சொன்ன அதே காரணத்தால், எல்லை போட்ட லப்டொப்பில் அதனால் எந்தப் பலனும் இல்லை.

செய்ய வேண்டியது தொலைந்த திறப்பைத் திரும்பக் கொண்டுவருவது. லெனோவோ என்றால் Microsoft Store-இலிருந்து Lenovo Vantage-ஐ இறக்கி, மின்சாரப் பகுதியில் Conservation mode போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். திங்க்பாட் வகையில் அதற்குப் பதிலாக Battery charge threshold இருக்கும். ஏசுஸ் என்றால் MyASUS, அதில் Battery Health Charging. எச்பியின் அலுவலக வகைகளில் இது பயோஸுக்குள் இருக்கும். இயக்கியவுடன் F10-ஐத் தட்டி உள்ளே போய் Battery Health Manager-ஐத் தேடுங்கள். அதில் Maximize my battery health என்று இருந்தால், 80இல் நிற்பதற்குக் காரணம் அதுதான். டெல் என்றால் F2-ஐத் தட்டி, பற்றரி சார்ஜ் பகுதியைப் பார்க்கலாம். அலுவலகத்திலிருந்து வந்த சிலவற்றில் பயோஸுக்குக் கடவுச்சொல் போட்டிருப்பார்கள். வாங்கும்போதே கடையில் அதை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

எல்லையை எடுத்துவிட்டு, சார்ஜர் மாட்டியபடியே ஒரு மணித்தியாலம் விடுங்கள். 81, 85 என்று ஏறத் தொடங்கினால் கதை முடிந்தது. மெதுவாகத்தான் ஏறும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். செல் நிரம்பும் கட்டத்துக்கு வரும்போது மின்னோட்டத்தைக் குறைத்துக் குறைத்தே சார்ஜ் ஏற்றுவார்கள். கடைசி 20 வீதம் இழுபடுவது எந்த லித்தியம் பற்றரிக்கும் இயல்பு.

79இல் மாட்டி, "சார்ஜ் ஏறவில்லை" என்று முடிவு கட்டுவது

எல்லை போட்ட லப்டொப்பைக் கொஞ்ச நேரம் வயர் இல்லாமல் பாவிக்கிறீர்கள். 78க்கு இறங்குகிறது. திரும்ப மாட்டினால் plugged in, not charging என்று காட்டுகிறது, இலக்கம் அசையவில்லை. பார்ப்பவர் சார்ஜ் போர்ட் பழுது என்று நினைத்து விடுவார். உண்மையில் இந்த ஏற்பாட்டுக்கு இரண்டு இலக்கங்கள் இருக்கலாம்: நிறுத்தும் இலக்கம் ஒன்று, தொடங்கும் இலக்கம் ஒன்று. திங்க்பாட்டில் 75இல் தொடங்கி 80இல் நிறுத்து என்று வைக்கலாம். எம்எஸ்ஐயின் நடுத்தர நிலையில் 70க்குக் கீழே இறங்கினால்தான் சார்ஜ் தொடங்கும். இரண்டுக்கும் இடையில் எங்கே மாட்டினாலும் லப்டொப் சுவர் மின்சாரத்தில் ஓடும், பற்றரியைத் தொடாது. ஒவ்வொரு வீதத்துக்கும் ஏற்றி இறக்கி அலைக்கழிக்காமல் இருக்கத்தான் அந்த இடைவெளி.

ஆகவே சோதிப்பதென்றால் 78இல் சோதிக்கக் கூடாது. வயரைக் கழற்றி 50 வரை இறக்கிவிட்டு மாட்டுங்கள். 50இலிருந்து சீராக ஏறி 80இல் நின்றால் போர்ட்டிலும் சார்ஜரிலும் பிழை இல்லை. 50இலும் ஏறவில்லை என்றால், அது இந்தக் கட்டுரையின் 80 வீதக் கதையே அல்ல, வேறு பழுது.

80 வீதத்தில் நிற்பதையும் 80 வீதம் ஆரோக்கியத்தையும் ஒன்றாக்குவது

இதுதான் அதிகம் பணம் விழுங்கும் குழப்பம். திரையில் தெரியும் 80 என்பது பற்றரி இப்போது எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது. பற்றரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது வேறு கணக்கு. தேய்ந்த பற்றரியும் எல்லை இல்லாவிட்டால் 100 வரை ஏறும், ஆனால் அந்த 100 விரைவில் தீர்ந்துவிடும். தேய்மானத்தைப் பார்க்க விண்டோஸிலேயே வழி இருக்கிறது. Command Prompt-ஐத் திறந்து இதை அடியுங்கள்:

```
powercfg /batteryreport
```

அறிக்கை எங்கே சேமிக்கப்பட்டது என்று அடுத்த வரியிலேயே காட்டும். அந்த html கோப்பைத் திறந்தால் DESIGN CAPACITY, FULL CHARGE CAPACITY என்று இரண்டு வரிகள் இருக்கும். முதலாவது புதிதாக இருந்தபோது கொண்ட அளவு, இரண்டாவது இன்று கொள்ளக்கூடிய அளவு.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பழையதாக வாங்கிய ஒரு லப்டொப்பில் DESIGN CAPACITY 45,000 mWh, FULL CHARGE CAPACITY 41,300 mWh என்று வருகிறது. 41,300ஐ 45,000ஆல் பிரித்தால் ஏறக்குறைய 92 வீதம். பழைய லப்டொப்புக்கு இது மிக நல்ல பற்றரி. அதே அறிக்கையில் Recent usage பகுதியைப் பாருங்கள். சார்ஜில் இருந்த நேரங்களில் எல்லாம் 80% என்றும் அதன் பக்கத்தில் 33,040 mWh என்றும் திரும்பத் திரும்ப இருக்கிறது. 41,300இன் 80 வீதம் சரியாக 33,040. அதாவது, 92 வீதம் நலமான ஒரு பற்றரியை யாரோ ஒருவர் 80இல் நிறுத்தி வைத்திருக்கிறார். இதைக் கழற்றிவிட்டு யார் செய்ததென்று தெரியாத ஒரு மாற்றுப் பற்றரியைப் போட்டால், பல ஆயிரம் ரூபா கொடுத்து நல்லதை எறிந்து சந்தேகமானதை வாங்கியதாக முடியும். அதைவிடக் கொடுமை, புதுப் பற்றரியும் 80இலேயே நிற்கலாம், எல்லை பற்றரியில் இல்லாதபடியால்.

மாதக்கணக்காக 80இலேயே நின்ற லப்டொப்பில் FULL CHARGE CAPACITY கொஞ்சம் பிசகிக் காட்டக்கூடும். முழுதாக ஏறவும் முழுதாக இறங்கவும் விட்டால்தான் அளவிடும் சுற்று தன் கணக்கைத் திருத்திக்கொள்ளும். எல்லையை எடுத்து 100 வரை ஏற்றி, பிறகு 10 அளவுக்கு இறக்கி, மறுபடி ஏற்றியபின் அறிக்கையை எடுத்தால் இலக்கம் நம்பத்தக்கது.

உண்மைப் பழுதை அம்சம் என்று விட்டுவிடுவது

எல்லாவற்றையும் "அது பாதுகாப்பு ஏற்பாடுதான்" என்று ஒதுக்குவதும் பிழை. பழுது காட்டும் முகம் வேறு. இன்று 83, நாளை 77, மறுநாள் 80 என்று நிற்கும் இடம் மாறும். வயரைக் கழற்றினால் 34 வரை ஒழுங்காக இறங்கி, அங்கிருந்து 7க்கு விழும், அல்லது சொல்லாமல் அணைந்துவிடும்.

லப்டொப் பற்றரிக்குள் பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பட்டிருக்கும். அவற்றில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடத் தேய்ந்துவிட்டால், சார்ஜ் ஏறும்போது அது முதலில் நிரம்பி உச்ச மின்னழுத்தத்தைத் தொட்டுவிடும். ஒரு செல் தொட்டாலும் பாதுகாப்புச் சுற்று எல்லாவற்றுக்கும் சார்ஜை வெட்டும், மற்றச் செல்கள் பாதியில் நிற்கும். இறங்கும்போதும் அதே செல்தான் முதலில் காலியாகிறது, அதனால்தான் திடீரென்று அணைகிறது. 80க்குக் கிட்ட நிற்பதும் 30இல் அணைவதும் சேர்ந்து வந்தால் இதையே சந்தேகியுங்கள். எந்தச் செயலியும் இதைத் திருத்தாது. இந்த ஒரு நிலையில் பற்றரியை மாற்றுவது சரியான முடிவு.

இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு, இரண்டையும் லப்டொப்பை அணைத்துச் சார்ஜ் போட்டுப் பிரித்தறியலாம். 65 வாற்ஸ் கேட்கும் லப்டொப்புக்குப் போனின் 25 வாற்ஸ் சார்ஜரை யூஎஸ்பி-சி வழியாக மாட்டினால், வேலை செய்யும்போது வருவதும் போவதும் சமனாகி இலக்கம் ஓரிடத்தில் நிற்கும். அணைத்தால் ஏறும். இரண்டாவது சூடு. லித்தியம் பற்றரியைப் பொதுவாக 45 பாகை செல்சியஸுக்கு மேல் சார்ஜ் ஏற்ற விடமாட்டார்கள். மத்தியானத்தில் மெத்தைமேல் வைத்து வீடியோ வெட்டினால் அந்த அளவைத் தொடுவது கடினமல்ல. அணைத்து, காற்றோட்டமான மேசையில் அரை மணித்தியாலம் ஆறவிட்டு மாட்டினால் ஏறும். எல்லை போட்டது என்றால் அணைத்தாலும் ஆறினாலும் 80தான்.

எல்லைதான் காரணம் என்று கண்டுபிடித்தபின் அதை நிரந்தரமாக எடுத்துவிடுவதும் தேவையில்லாதது. வீட்டு மேசையில் இருக்கும் நாட்களில் 80இலேயே விடுங்கள். மின்தடை அறிவித்தல் வந்தால், அல்லது கொழும்புக்கு ரயிலில் போகும் நாளென்றால், முதல்நாள் இரவு எல்லையை எடுத்து 100 ஏற்றுங்கள், திரும்பி வந்து மறுபடி போடுங்கள்.

ஒரு நிலையில் மட்டும் மேலே சொன்ன எந்தச் சோதனையும் செய்யாதீர்கள். ரச்பாட் அழுத்த மறுத்தாலோ, அது சற்றே மேலெழும்பி நின்றாலோ, மூடியை மூடும்போது ஒரு மூலை பொருந்தாமல் இருந்தாலோ, லப்டொப்பைச் சமதரையில் வைத்துப் பாருங்கள். அடிப்பக்கம் வயிறு தள்ளி ஆடினால் உள்ளே பற்றரி வீங்கியிருக்கலாம். வயரைக் கழற்றி, அணைத்து, தீப்பிடிக்கும் பொருட்களுக்குத் தள்ளி வைத்துவிட்டு, திறந்து வேலை தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். காற்றை எடுக்கிறேன் என்று ஊசியால் குத்தினால் உள்ளே குறுஞ்சுற்று ஏற்பட்டுக் கையிலேயே தீப்பிடிக்கும்.