பாதியில் நின்ற ஸ்லைடிங் கேட்

எங்கள் வீட்டு ரிமோட் கேட் மூடும்போது பாதியில் நின்று, கொஞ்சம் பின்னால் போய்விடும். எல்லோரும் முதலில் சென்சாரைத்தான் சந்தேகித்தார்கள். ஆனால் குறுக்கே ஏதாவது வந்தால் கேட்டை நிறுத்தும் அந்த ஒளிக்கதிர் சென்சார் பெரும்பாலும் மூடும்போது மட்டுமே வேலை செய்யும். எங்கள் கேட் திறக்கும்போதும் அதே இடத்தில் திணறியது. கேட் முனைக்கு வந்ததும் மோட்டாரை நிறுத்தும் லிமிட் சுவிட்சில் கோளாறு என்றால், கடைசி வரை வந்துவிட்டதாக நினைத்து கேட் அமைதியாக நின்றிருக்கும். திணறவும் செய்யாது, பின்வாங்கவும் செய்யாது.

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, கேட்டை மோட்டாரின் பிடியிலிருந்து விடுவிக்கும் ரிலீஸ் சாவியைத் திருப்பி, கையால் தள்ளினேன். அதே இடத்தில் கனமாகப் பிடித்தது. அப்போதே தெரிந்தது, கோளாறு மின்சாரத்தில் இல்லை.

தண்டவாளத்தில் வேப்பிலையும் மண்ணும் மழையில் ஊறி, காய்ந்து, கெட்டியாக இறுகியிருந்தன. நடுவில் ஒரு ஜல்லித் துண்டு. சக்கரம் அதன்மேல் ஏறும்போது மோட்டாருக்குச் சுமை கூடுகிறது. கண்ட்ரோல் போர்டு அதைத் தடை என்று எடுத்துக்கொண்டு கேட்டைத் திருப்பிவிடுகிறது. பழைய ஸ்க்ரூடிரைவரால் சுரண்டி, கம்பி பிரஷால் தேய்த்தேன். அப்புறம் கேட் ஒரு விரலுக்கே நகர்ந்தது. தண்டவாளத்தில் கிரீஸ் தடவவில்லை. அது மண்ணைப் பிடித்துவைக்கும்.

போர்டில் விசை அளவைக் கூட்டினாலும் கேட் ஓடியிருக்கும். சிலர் அப்படித்தான் செய்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்: குழந்தை குறுக்கே நின்றாலும் கேட் நிற்காமல் தள்ளும்.