பழைய ஹார்ட் டிஸ்க்கை அழிப்பதா, உடைப்பதா: சிறிய அலுவலகங்கள் செய்யும் தவறுகள்

கணினிகளை மாற்றியதும் பழைய ஹார்ட் டிஸ்க்குகள் ஏதாவது ஒரு அட்டைப்பெட்டியில் சேர்ந்துவிடும். அவற்றை வெளியே அனுப்பும் நாளில், "முக்கியமானது இருந்த டிஸ்க்கை உடைச்சிடலாம், மற்றதை ஃபார்மட் பண்ணிக் கொடுத்திடலாம்" என்று யாராவது சொல்வார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் மென்பொருளால் அழிப்பதற்கு டிஸ்க்கின் ஒத்துழைப்பு வேண்டும். நாம் எழுதச் சொன்ன ஒவ்வொரு இடத்திலும் அது எழுத வேண்டும். எழுத முடியாத நிலையில் இருந்தால், உள்ளே இருப்பது ரகசியமா சாதாரணமா என்று யோசித்துப் பயனில்லை, அழிக்க வழியே கிடையாது. ஆகவே முதலில் டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். அப்புறம் அது ஹார்ட் டிஸ்க்கா எஸ்எஸ்டியா என்று பாருங்கள். பெரும்பாலும் முடிவு அங்கேயே வந்துவிடும்.

ஒரு சிறிய கணக்குத் தணிக்கை அலுவலகத்தின் மேசையில் நான்கு டிஸ்க்குகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நன்றாக ஓடும் 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று. ஓடுகிறது, ஆனால் அவ்வப்போது திணறும் 1 டிபி ஒன்று. சொடுக்குச் சத்தம் மட்டும் போட்டுவிட்டு கணினிக்குத் தென்படாத 2 டிபி ஒன்று. மடிக்கணினியிலிருந்து கழற்றிய 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று.

ஃபார்மட் செய்தால் போதும் என்று நினைப்பது

விண்டோஸின் க்விக் ஃபார்மட் சில நொடிகளில் முடிகிறதே, அதிலேயே விஷயம் தெரிந்துவிடும். கோப்புகளின் பட்டியலை மட்டும் அது புதிதாக எழுதுகிறது, கோப்புகள் இருந்த இடத்தைத் தொடுவதில்லை. 2003-இல் எம்ஐடியைச் சேர்ந்த கார்ஃபிங்கல், ஷெலாட் இருவரும் 158 பழைய டிஸ்க்குகளை விலைக்கு வாங்கிச் சோதித்து ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஓடிய 129 டிஸ்க்குகளில் முறையாக அழிக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. ஃபார்மட் செய்யப்பட்ட டிஸ்க்குகளிலிருந்தும் கோப்புகள் மீண்டன.

விண்டோஸின் `diskpart` கருவியில் பழகியவர்களுக்கும் இதே பொறி உண்டு. `clean` என்ற கட்டளை பார்ட்டிஷன் விவரத்தை மட்டும் நீக்கும். `clean all` என்றால்தான் ஒவ்வொரு செக்டரிலும் பூஜ்யம் எழுதும். முதலாவது கண் சிமிட்டும் நேரத்தில் முடியும், இரண்டாவதற்கு மணிக்கணக்கில் ஆகும்.

இதற்கு நேர் எதிர்ப்புறத்திலும் ஒரு தவறு இருக்கிறது. ஏழு முறை, முப்பத்தைந்து முறை என்று எழுதிக்கொண்டே இருப்பது. அந்த 35 என்ற எண் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் பீட்டர் குட்மன் 1996-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. அக்காலத்து டிஸ்க்குகள் பயன்படுத்திய பல்வேறு குறியீட்டு முறைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து அவர் போட்ட கணக்கு அது. தன் முறையை மக்கள் மந்திரம் போல ஆக்கிவிட்டதாகப் பின்னாளில் அவரே எழுதினார். இன்றைய ஹார்ட் டிஸ்க்கில் ஒரு முறை பூஜ்யம் எழுதினாலே பொதுவாகப் போதும் என்பதுதான் அமெரிக்காவின் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட் 2014-இல் திருத்தி வெளியிட்ட 800-88 வழிகாட்டியின் நிலை. மிச்சம் 34 முறைக்குச் செலவாகும் நேரத்தைச் சரிபார்ப்பதற்குச் செலவிடலாம்.

சரிபார்க்காமல் விடுவது

என்னைக் கேட்டால் இதுதான் மிகப் பெரிய தவறு. மேசையிலிருக்கும் 500 ஜிபி டிஸ்க்கை எடுத்துக்கொள்வோம். லினக்ஸ் உள்ள பென் டிரைவில் கணினியைத் தொடங்கி, முதலில் எது எந்த டிஸ்க் என்று பாருங்கள். இரண்டாவது கட்டளையில் `sdX` இருக்கும் இடத்தில், முதல் கட்டளை காட்டிய டிஸ்க்கின் பெயரைப் போடுங்கள்.

```
lsblk -o NAME,SIZE,MODEL,SERIAL
sudo smartctl -A /dev/sdX
```

திரையில் வரும் சீரியல் எண்ணும் டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணும் ஒன்றா என்று கண்ணால் ஒப்பிடுங்கள். ஒரே அளவில் இரண்டு டிஸ்க் இருந்தால், அழிக்கக் கூடாததை அழித்துவிடுவது மிக எளிது. வேறு டிஸ்க் எதையும் அந்தக் கணினியில் மாட்டாமல் இருப்பதே உத்தமம்.

இரண்டாவது கட்டளை டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும். அதில் `Reallocated_Sector_Ct`, `Current_Pending_Sector` என்ற இரண்டு வரிகளின் கடைசி எண்ணைப் பாருங்கள். இரண்டும் பூஜ்யமாக இருந்தால் மேலே போகலாம். இங்கும் `sdX` இருக்கும் இடத்தில் உங்கள் டிஸ்க்கின் பெயரைப் போட்டு:

```
sudo dd if=/dev/zero of=/dev/sdX bs=4M status=progress
sudo cmp /dev/zero /dev/sdX
```

500 ஜிபிக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகும். தொடக்கத்தில் இருந்த வேகம் போகப் போகப் பாதியாகக் குறையும். தகட்டின் வெளி விளிம்பிலிருந்து உள்பக்கம் போகும்போது ஒரு சுற்றில் எழுத முடியும் அளவு குறைவதுதான் காரணம், கோளாறு இல்லை. முடிவில் `No space left on device` என்று வரும். பிழைச் செய்தி போலத் தோன்றும், ஆனால் கடைசி செக்டர் வரை எழுதியாகிவிட்டது என்பதே அதன் பொருள். `Input/output error` என்று நடுவழியில் நின்றால்தான் பிரச்சினை.

அடுத்து ஓடும் `cmp` முழு டிஸ்க்கையும் படித்துப் பூஜ்யத்தோடு ஒப்பிடும். எல்லாம் சரியாக இருந்தால், டிஸ்க்கின் பெயரோடு `EOF on` என்று தொடங்கி, 500107862016 போன்ற ஒரு பைட் எண்ணில் முடிந்ததாகச் சொல்லும். `differ` என்ற சொல் வந்தால் ஏதோ மிச்சம் இருக்கிறது என்று பொருள். இந்தச் சோதனையைத் தாண்டிய டிஸ்க்கை மறுபயன்பாட்டுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். உடைக்க வேண்டிய அவசியமே இல்லை.

திணறும் டிஸ்க்கையும் செத்த டிஸ்க்கையும் குப்பையில் போடுவது

இப்போது அந்த 1 டிபி. அதில் `Reallocated_Sector_Ct` 48 என்று காட்டுவதாக வைத்துக்கொள்வோம். பலவீனமான 48 செக்டர்களை ஒதுக்கிவிட்டு, அவற்றுக்குப் பதில் உபரி இடத்தை டிஸ்க் பயன்படுத்துகிறது. ஒதுக்கப்பட்டவற்றில் இருந்த பழைய எழுத்து அப்படியே இருக்கலாம், `dd`-யால் அங்கே போக முடியாது. `cmp` வேறு எல்லாம் பூஜ்யம் என்று சொல்லிவிடும், ஏனென்றால் அதுவும் அந்த இடங்களைப் பார்ப்பதில்லை. ஒரு செக்டர் என்பது 512 பைட், புதிய டிஸ்க்குகளில் உள்ளுக்குள் 4096 பைட். ஒரு பெயரும் வங்கிக் கணக்கு எண்ணும் அடங்க அது போதும். டிஸ்க்கிலேயே உள்ள செக்யூர் எரேஸ் கட்டளையின் மேம்பட்ட வடிவம் இந்த இடங்களையும் அழிக்க வேண்டும் என்பது விதி. ஆனால் அதற்காக மெனக்கெட்ட பிறகும் கையில் மிஞ்சுவது நோயாளி டிஸ்க்தான். உடைத்துவிடுங்கள்.

2 டிபியின் கதை இன்னும் தெளிவு. அது கணினிக்கே தெரியவில்லை, எனவே அழிக்க முடியாது. ஆனால் நடைமுறையில் இப்படிப்பட்டதுதான் முதலில் குப்பைக்குப் போகிறது, "அதுதான் ஓடலையே" என்று. ஓடாதது மோட்டாரோ, தகட்டைப் படிக்கும் தலையோ, சர்க்யூட் போர்டோ. தகட்டில் எழுதியது எங்கும் போகவில்லை. டேட்டா மீட்பு நிலையங்களின் பிழைப்பே இப்படிப்பட்ட டிஸ்க்குகளை வைத்துத்தான் நடக்கிறது.

முதல் நாளிலிருந்தே பிட்லாக்கர் போன்ற முழு டிஸ்க் என்கிரிப்ஷன் போட்டிருந்தால் செத்த டிஸ்க்கைப் பற்றிக் கவலை மிகக் குறைவு. ஆனால் பயன்பாட்டில் வெகுநாள் இருந்த டிஸ்க்கில், பயன்படுத்திய இடத்தை மட்டும் என்கிரிப்ட் செய்யும் தேர்வோடு பின்னால் போட்டிருந்தால், முன்பு நீக்கிய கோப்புகள் காலியிடத்தில் திறந்தபடியே கிடக்கும்.

உடைத்தது போலத் தோன்றினால் போதும் என்று விடுவது

சுத்தியலால் நாலு அடி அடித்தால் மூடி நெளியும், உள்ளே தகடு நலமாக இருக்கும். அடியில் உள்ள பச்சை நிறப் போர்டை மட்டும் உடைப்பதும் அப்படித்தான். அதே மாடலின் வேறு போர்டை மாட்டி, பழைய போர்டில் இருக்கும் சிறிய ரோம் சிப்பை... சரி, விவரம் வேண்டாம், அது மீட்பு நிலையங்கள் செய்யும் வேலை. காந்தத்தை மேலே தேய்ப்பதும் வீண். தலையை நகர்த்தவே டிஸ்க்குக்குள் வலுவான காந்தங்கள் உண்டு, அவற்றின் அருகிலேயே தகடு ஆண்டுக்கணக்கில் சுற்றியிருக்கிறது. தீயில் போடவே வேண்டாம், புகை நச்சு.

கையால் செய்வதானால் தகட்டையே சிதைக்க வேண்டும். 3.5 அங்குல டிஸ்க்கின் மூடியில் பெரும்பாலும் நட்சத்திர வடிவ டி8 திருகுகள் இருக்கும். எல்லாவற்றையும் கழற்றியும் மூடி வரவில்லை என்றால் லேபிளுக்கு அடியில் ஒன்று ஒளிந்திருக்கும், விரலால் அழுத்தினால் பள்ளம் தெரியும். 3.5 அங்குலத்தில் தகடு பெரும்பாலும் அலுமினியம், அதை மடித்துவிடலாம், பல இடங்களில் துளையிடலாம். 2.5 அங்குல மடிக்கணினி டிஸ்க்கில் தகடு பெரும்பாலும் கண்ணாடி. வளையாது, சில்லு சில்லாகத் தெறிக்கும். மூடியைத் திறக்காமல் கெட்டியான துணிப்பையில் சுற்றி, கண்ணாடியும் கையுறையும் அணிந்துதான் துளைக்க வேண்டும். உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டால் தகடு உடைந்துவிட்டது.

ஒற்றைத் துளை போட்ட தகட்டில் மீதிப் பரப்பு அப்படியே இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அதைப் படிக்கச் சாதாரண மீட்பு நிலையத்தால் ஆகாது. நல்ல நிலையில் இருக்கும் டிஸ்க்கை முதலில் அழித்துவிட்டுத் துளைத்தால் இந்தக் கேள்வியும் எழாது.

எஸ்எஸ்டியை ஹார்ட் டிஸ்க் போல நடத்துவது

240 ஜிபி எஸ்எஸ்டியில் `dd` ஓட்டினால் எழுத்து எங்கே விழுகிறது என்பதை உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் தீர்மானிக்கிறது. தேய்மானம் சமமாக இருக்க அது இடத்தை மாற்றிக்கொண்டே இருக்கும், வெளியே காட்டாத உபரி இடமும் வைத்திருக்கும். ஆகவே பூஜ்யம் எழுதுவது இங்கே பாதி வேலை. தயாரிப்பாளரே தரும் மென்பொருளில் இருக்கும் செக்யூர் எரேஸ் அல்லது சானிடைஸ் வசதியைப் பயன்படுத்துங்கள். என்விஎம்இ வகையானால்:

```
sudo nvme format /dev/nvme0n1 -s 1
```

யூஎஸ்பி பெட்டியில் வைத்து முயன்றால் இந்தக் கட்டளைகள் பெரும்பாலும் உள்ளே போகாது. மதர்போர்டில் நேராக மாட்டுங்கள். 2011-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக ஆய்வாளர்கள் சோதித்தபோது, சில எஸ்எஸ்டிகள் செக்யூர் எரேஸ் கட்டளையைப் பிழையோடு செயல்படுத்தியது தெரிந்தது. எனவே முடிந்ததும் நாலு இடத்தில் படித்துப் பார்ப்பது நல்லது.

எஸ்எஸ்டி செத்துவிட்டால் உடைப்புதான், ஆனால் நடுவில் துளையிடுவது ஏமாற்றும். பல 2.5 அங்குல எஸ்எஸ்டிகளில் பெட்டிக்குள் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் போர்டு இருக்கும், துளை வெற்றிடத்தில் போய்விடும். பெட்டியைத் திறந்து, கருப்புச் சதுர சிப் ஒவ்வொன்றையும் தனித்தனியாக நொறுக்க வேண்டும். டிகாஸிங் எனப்படும் காந்த அழிப்பு எஸ்எஸ்டியில் எதுவும் செய்யாது.

சீரியல் எண் இல்லாமல் ஒப்படைப்பது

வெளி நிறுவனத்திடம் கொடுப்பதானால், "20 டிஸ்க் அழிக்கப்பட்டது" என்ற சான்றிதழை ஏற்காதீர்கள். ஒவ்வொரு சீரியல் எண்ணும், எந்த முறையில் அழித்தார்கள் என்பதும், தேதியும் அதில் இருக்க வேண்டும். பெட்டி வெளியே போவதற்கு முன்பே நீங்கள் எடுத்த பட்டியலோடு அது பொருந்த வேண்டும். அமெரிக்க நிதி நிறுவனமான மார்கன் ஸ்டான்லியின் செல்வ மேலாண்மைப் பிரிவு, டேட்டா அழிப்பில் அனுபவமே இல்லாத ஒரு சரக்கு இடமாற்ற நிறுவனத்திடம் இந்த வேலையைக் கொடுத்தது. வாடிக்கையாளர் விவரம் அழியாத சாதனங்கள் இணைய ஏலம் வரை போய்ச் சேர்ந்தன. 2022-இல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்துக்கு 3.5 கோடி டாலர் அபராதம் கட்ட வேண்டி வந்தது.

பட்டியல் எடுக்கும்போது கணினிகளை மட்டும் எண்ணாதீர்கள். பெரிய ஜெராக்ஸ் இயந்திரங்களில் பலவற்றுக்குள் ஒரு ஹார்ட் டிஸ்க் இருக்கும், நகலெடுத்த பக்கங்களின் படங்கள் அதில் தங்கலாம். வாடகை முடிந்து இயந்திரத்தைத் திருப்பி அனுப்புவதற்கு முன், அதன் அமைப்புப் பட்டியலில் டிஸ்க்கை அழிக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் டிஸ்க்கைக் கழற்றித் தரும்படி வாடகைக்குக் கொடுத்தவரிடம் எழுத்தில் கேளுங்கள்.