ஸ்டீராய்டு மாத்திரையால வெயிட் ஏறுதா? டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி வீட்ல செய்ய வேண்டியது

எங்க அம்மாவுக்கு முடக்குவாதம். தஞ்சாவூர்ல காட்டி தினமும் காலைல பிரட்னிசோலோன்ங்கிற ஸ்டீராய்டு மாத்திரை 10 மில்லிகிராம் போட்டுக்கிட்டு இருந்தாங்க. மூணு மாசத்துல 56 கிலோ 61 ஆயிடுச்சு, கன்னம் ரெண்டும் உப்பி ஜாக்கெட் கையே ஏறல. மன்னார்குடில ஒரு கல்யாணத்துல சொந்தக்காரங்க "நல்லா பூசின மாதிரி இருக்கியே"ன்னு கேட்டதுல வந்த கோவத்துல, மாத்திரைய நிறுத்தப் போறேன்னுட்டாங்க.

முதல்ல: நீங்களா நிறுத்தாதீங்க

நம்ம உடம்பே கார்டிசோல்னு ஒரு ஸ்டீராய்டு சுரக்கும். மூணு வாரத்துக்கு மேல வெளிலேர்ந்து மாத்திரையா குடுத்துட்டா உடம்பு அத சுரக்கிறத கொறச்சுக்கும். அப்ப திடீர்னு மாத்திரைய விட்டா வாந்தி, தலைசுத்தல், பிரஷர் இறங்குறதுன்னு ஆபத்தான நிலைக்கே போகலாம். கொறைக்கிறதுன்னா டாக்டர் சொல்ற கணக்குல படிப்படியாத்தான்.

ரெண்டாவது: எல்லா மாத்திரையையும் ஒரு தட்டுல கொட்டுங்க

பிரஷர், சுகர், தூக்க மாத்திரை, நாட்டு மருந்துப் பொடி, எதுவும் விடக்கூடாது. சில சுகர் மாத்திரை, இன்சுலின், சில மனநல மருந்து, வலிப்பு மருந்துக்கும் வெயிட் ஏறும். நாங்க கொட்டுனப்ப ஒரு பேப்பர் பொட்டலம் விழுந்துச்சு. மெடிக்கல்ல மூட்டுவலின்னு சொல்லி வாங்குற "செட்டு" மாத்திரை. அம்மா ஒன்றரை மாசமா தினமும் ஒரு செட்டு போட்டிருக்காங்க, யார்கிட்டயும் சொல்லல. பிரிச்சுக் குடுத்த மாத்திரைல பேர் இருக்காதுல்ல, அதனால தம்பி கடைக்கே போய் அட்டைய காட்டச் சொல்லி போட்டோ எடுத்துட்டு வந்தான். ஒண்ணு டைக்ளோஃபெனாக்ங்கிற வலி மாத்திரை, ஒண்ணு வயித்துக்கு, சின்னதா இருந்த மூணாவது டெக்ஸாமெத்தசோன் 0.5 மில்லிகிராம். அதுவும் ஸ்டீராய்டுதான்!

மூணாவது: ரெண்டு வாரம் நோட்டு

காலைல ஒண்ணுக்குப் போயிட்டு, வெறும் வயித்துல, அதே நைட்டியோட, அதே மிஷின்ல. (அப்பா உரக்கடை தராசுலயே பாத்துக்கலாம்னார், செருப்போட ஏறி நின்னா அது எங்க சரியா காட்டும்.) பக்கத்துலயே அன்னிக்கு என்னென்ன மாத்திரை போட்டாங்க, கருவாடு ஊறுகாய் அப்பளம்னு உப்பா என்ன சாப்பிட்டாங்கன்னு ஒரு வரி எழுதிக்கங்க.

எதுக்குன்னா ஏறுற வெயிட் ரெண்டு வகை. ஒண்ணு நீர், அது நாலஞ்சு நாள்லயே கிடுகிடுன்னு ஏறும். முழங்காலுக்கு கீழ எலும்பு மேல கட்டைவிரலால பத்து செகண்ட் அழுத்தி எடுத்தா குழி அப்படியே நிக்கும். இன்னொண்ணு பசியால ஏறுற கொழுப்பு, மெதுவா வயிறு, முகம், பின்கழுத்துல சேரும், குழி விழாது.

அம்மா நோட்டுல முதல் வாரம் 61.0, நாலு நாள் கழிச்சு 62.8, கால்ல குழி. அந்த நாலு நாளும் வலி ஜாஸ்தின்னு ராத்திரியும் இன்னொரு செட்டு போட்டிருக்காங்க.

நாலாவது: டாக்டர்கிட்ட என்ன கேக்கணும்

நோட்டையும் போட்டோவையும் முதல்ல காட்டிடுங்க. டாக்டர் அங்கயே கணக்கு போட்டார், டெக்ஸாமெத்தசோன் 0.5ங்கிறது ஏறக்குறைய 3 மில்லிகிராம் பிரட்னிசோலோனுக்கு சமமாம், அப்ப ரெண்டு செட்டு போட்ட அன்னிக்கு உள்ள போனது 10 இல்ல, 16க்கும் மேல. டைக்ளோஃபெனாக் உப்பையும் தண்ணியையும் உடம்புலயே புடிச்சு வெச்சுக்கும், கால் வீக்கத்துக்கு அதுதான் காரணமா இருக்கும்னார். அதுவும் ஸ்டீராய்டும் சேந்தா வயித்துல புண்ணு வர வாய்ப்பும் கூடும்னு திட்டு வேற. செட்ட நிறுத்தி, பிரட்னிசோலோன கொஞ்ச நாளைக்கு காலைல மட்டும் 15 ஆக்கி, அப்புறம் ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா 2.5 கொறைக்கச் சொன்னார். இது அம்மாவோட கணக்கு, நீங்க எடுத்துக்காதீங்க.

நாங்க கேட்டது: இத எவ்ளோ நாள் போடணும், கொறைக்கிறப்ப வலி திரும்புனா என்ன பண்ணணும், ஸ்டீராய்ட கொறைக்க மெத்தோட்ரெக்சேட் மாதிரி வேற மருந்து சேக்கலாமா, சுகரும் பிரஷரும் எப்ப பாக்கணும். சுகருக்கு காலைல வெறும் வயித்துல பாத்தது மட்டும் போதாதாம், காலைல ஸ்டீராய்டு போட்டா மத்தியானத்துக்கு மேலதான் ஏறுமாம்.

நோட்டு முடியுறவரைக்கும் காத்திருக்கக் கூடாத விஷயமும் இருக்கு. படுத்தா மூச்சு முட்டுறது, ஒரு கால் மட்டும் வீங்குறது, தாகமும் ஒண்ணுக்கும் அடங்காம போறது, மலம் கருப்பா போறது, இதுல எது வந்தாலும் அன்னிக்கே போயிடுங்க.

செட்ட விட்டு ஒரு வாரத்துல 62.8 திரும்ப 61க்கு வந்துடுச்சு, அது நீர். மிச்ச அஞ்சு கிலோ இன்னும் அப்படியேதான் இருக்கு, டோஸ் எறங்க எறங்க கன்னம் வத்த சில மாசம் ஆகும்னு சொல்லியிருக்கார். இப்ப 10க்கு வந்தாச்சு. ராத்திரி பத்து மணிக்கு பசிக்குதுன்னு பழைய சோத்துப் பானைய தேடிப் போறது மட்டும் நிக்கல, அதனால அப்பளம் டப்பா இப்ப பரண் மேல.