ஊருக்குப் போகும் பட்டியல்: ஒரே தாளில், சரி போடும் கட்டங்களோடு

வெளிநாட்டிலிருந்து இலங்கையில் உள்ள ஊருக்குப் போக முதன்முதலில் நான் தயாரித்த பட்டியலில் ஆவணங்கள், உடுப்புகள், மருந்துகள், மின்சாதனங்கள் என்று அழகாகப் பிரித்திருந்தேன். எல்லாவற்றுக்கும் சரி போட்டு முடித்தோம். விமான நிலையத்தில் பெட்டியை நிறுக்கும் இடத்தில் அதைத் திறக்க வேண்டி வந்தது. மின்சாதனங்களோடு பவர் பேங்கும் பெரிய பெட்டிக்குள் போயிருந்தது. லித்தியம் மின்கலம் உள்ள பவர் பேங்கைக் கையில்தான் கொண்டுபோக வேண்டும். பட்டியலில் அது இருந்தது, சரியும் போட்டிருந்தோம். ஆனால் அது எங்கே போக வேண்டும் என்பதைப் பட்டியல் சொல்லவில்லை.

அதிலிருந்து நான் பொருளின் வகையைப் பார்த்துப் பிரிப்பதில்லை. எப்போது செய்ய வேண்டும், எந்தப் பைக்குள் போக வேண்டும் என்று பார்த்தே பிரிக்கிறேன். இப்போதுள்ள தலைப்புகள் ஆறு: இரண்டு மாதத்துக்கு முன், கைப்பை, பெரிய பெட்டி, கொடுப்பதற்கான சாமான்கள், வீட்டைப் பூட்டுமுன், திரும்பும்போது. இப்படிப் பிரித்தால் ஒரு பையைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பகுதியை மேலிருந்து கீழாக முடித்துவிடலாம். கடவுச்சீட்டு இரண்டு இடத்தில் வரும். அது தவறல்ல. இலங்கைக்குள் நுழையக் கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்பதால், முடிவுத் தேதியைப் பார்ப்பது முதல் பகுதிக்குரிய வேலை. அதைக் கையில் எடுப்பது கைப்பைக்குரிய வேலை.

அடுத்தது தாளின் அளவு. நம் சொந்தங்கள் ஒரு நாட்டில் இல்லை. லண்டனிலும் பாரிஸிலும் சிட்னியிலும் ஏ4 தாள், கனடாவிலும் அமெரிக்காவிலும் லெட்டர் தாள். ஏ4 என்பது 210 × 297 மில்லிமீட்டர், லெட்டர் 216 × 279. ஏ4 தாளில் விளிம்புவரை நிரப்பிய பட்டியலை ரொறன்ரோவில் இருக்கும் தங்கை அச்சடித்தால், கடைசி இரண்டு மூன்று வரிகள் அடுத்த தாளுக்குப் போகும், அல்லது பிரிண்டர் முழுவதையும் சுருக்கிவிடும். ஆகவே இரண்டிலும் சிறியதை எடுத்துக்கொள்ளுங்கள்: அகலம் 210, உயரம் 279. சுற்றிலும் 15 மில்லிமீட்டர் விட்டால் 180 × 249 மிஞ்சும். ஏ4 தாளில் அடியில் கொஞ்சம் வெற்றிடம் கூடும், அவ்வளவுதான்.

இதில் எத்தனை பொருள் அடங்கும் என்பதைத் தட்டச்சு செய்யும் முன்பே கணக்குப் பார்த்துவிடலாம். தலைப்புக்கும் பயணத் தேதிக்கும் 15 மில்லிமீட்டர் போக 234. தமிழ் எழுத்து 10.5 புள்ளியில் இருந்தால் ஒரு வரிக்கு 6 மில்லிமீட்டர் தாராளமாகப் போதும், தாளை நெடுக்காக இரண்டு பத்தியாகப் பிரித்தால் ஒரு பத்திக்கு 39 வரி. இரண்டு பத்திக்கு 78. ஆறு தலைப்புகளுக்கும் இடைவெளியோடு தலா இரண்டு வரி, பேனாவால் எழுதிச் சேர்க்க ஒவ்வொரு பகுதியிலும் இரண்டு வெற்று வரி. இவை 24 வரியை எடுக்கும், மிஞ்சுவது 54. சில பொருட்கள் இரண்டு வரி பிடிக்கும் என்பதால் 45 பொருளோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இரண்டாவது பக்கத்தில் மூன்று வரி எட்டிப் பார்த்தால் எழுத்தைச் சுருக்கத் தோன்றும். வேண்டாம். 9 புள்ளிக்குக் கீழே போனால் மெய்யெழுத்தின் புள்ளி மங்கும், ன-வும் ண-வும் ஒன்றுபோலத் தெரியும், அம்மாவால் வாசிக்க முடியாது. எழுத்துக்குப் பதில் பொருளைக் குறையுங்கள். சட்டை, காற்சட்டை, பற்தூரிகை என்பவற்றை யாரும் மறப்பதில்லை. மறக்கக்கூடியதும், மறந்தால் அங்கே உடனே கிடைக்காததுமே பட்டியலில் இருக்க வேண்டும்.

நான்கு பேர் போகிறோம் என்றால் நான்கு பட்டியல் தேவையில்லை. இரண்டு பத்தியாகப் பிரித்தால் ஒரு பத்தியின் அகலம் சுமார் 86 மில்லிமீட்டர். அதன் இடது பக்கத்தில் 4 மில்லிமீட்டர் சதுரக் கட்டங்கள் நான்கை வரிசையாக வைத்து, பத்தியின் தலையில் ஒவ்வொருவர் பெயரின் முதல் எழுத்தையும் போடுங்கள். பொருளின் பெயருக்கு 65 மில்லிமீட்டர் போல மிஞ்சும், அதாவது மூன்று சொல். குடும்பத்துக்கு ஒன்றே போதுமான பொருளுக்கு ஒரு கட்டத்தை மட்டும் வையுங்கள், மற்ற மூன்று இடமும் வெறுமையாக இருக்கட்டும். வெறுங்கட்டம் இருந்தால் 'இது யாருக்கு மிச்சம்?' என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

பொருளின் பெயரை எழுதும் விதமும் முக்கியம். 'மருந்துகள்' என்று எழுதினால் எதைப் பார்த்துச் சரி போடுவது? 'அப்பா பிரஷர் மாத்திரை, 28 நாள்' என்று எழுதினால் எண்ணிப் பார்த்துச் சரி போடலாம். மூன்று வாரப் பயணத்துக்கு ஒரு வாரம் கூட்டிய கணக்கு அது. 'அடாப்டர்' என்பதும் போதாது. இலங்கையில் மூன்று உருண்டை முனைத் துளையும் பிரித்தானியச் சதுர முனைத் துளையும் இரண்டுமே இருப்பதால், எந்த முனை என்பதையும் எழுதுங்கள். கடவுச்சீட்டு எண், வங்கி எண் எதையும் இந்தத் தாளில் எழுதாதீர்கள். இது பல நாள் சமையலறை மேசையில் கிடக்கப்போகும் தாள்.

வேர்டில் செய்பவர்களுக்குத் தமிழில் மட்டும் வரும் சிக்கல்கள் மூன்று. வரி இடைவெளியை `Exactly` என்று இறுக்கமாக வைத்தால் 'கி', 'கீ' போன்றவற்றின் மேற்சுழி வெட்டுப்படும். `At least` என்று வைத்தால் வெட்டுப்படாது, ஆனால் எண்ணிய 39 வரி குறையலாம். `Exactly` வைத்து 17 புள்ளி கொடுத்து, ஒரு தாள் அச்சடித்துச் சுழிகளைப் பாருங்கள். இரண்டாவது, ☐ குறியைத் தட்டினால் தமிழ் எழுத்துருவில் அது இல்லாமல் வேறொரு எழுத்துருவிலிருந்து வரும், வரிகள் ஏறி இறங்கும். கட்டங்களை அட்டவணையின் சின்ன அறைகளாகவே வரைந்தால் இந்தத் தொல்லை இல்லை. மூன்றாவது, பாமினியில் தட்டச்சு செய்த பழைய பட்டியல் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் கும்பலாகத் தெரியும். யுனிகோடில் எழுதி, பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். அச்சடிப்பவரிடம் `Actual size` என்பதைத் தெரிவுசெய்யச் சொல்லுங்கள், `Fit to page` அல்ல.

சாம்பல் நிறப் பின்னணி போடாதீர்கள். மை தீரும், பேனாவால் போட்ட சரியும் அதில் எடுபடாது. தலைப்பைத் தடித்த எழுத்தில் வைத்து, அடியில் ஒரு மெல்லிய கோடு இழுத்தால் போதும்.

'திரும்பும்போது' என்ற பகுதியை வலது பத்தியின் அடியில் வைத்து, அதற்கு மேலே ஒரு புள்ளிக்கோடு போடுங்கள். கிளம்பும் நாளில் பட்டியல் முழுவதும் முடிந்ததும் அந்தத் துண்டை வெட்டிக் கடவுச்சீட்டு உறைக்குள் செருகிவிடலாம். அதில் என்னிடம் இப்போது ஏழு வரிதான் இருக்கின்றன: கடவுச்சீட்டுகள், மிஞ்சிய மாத்திரை, இரண்டு சார்ஜர், பவர் பேங்க், மூக்குக்கண்ணாடி, பிள்ளைகளின் குளிர்ச்சட்டை. கடைசி வரி, இந்த நாட்டு வீட்டுத் திறப்பு.