நன்கொடை வீடியோ: கதை ஒன்று, கேட்பது வேறொன்று

ஆடி, ஆவணி வந்தால் போதும், டெல்டாவின் சிறிய அறக்கட்டளைப் பள்ளிகளிலிருந்து நன்கொடை வீடியோவுக்கான ஸ்கிரிப்ட்கள் என் கைக்கு வரத் தொடங்கிவிடும். எழுதியவர்கள் பெரும்பாலும் இளம் ஆசிரியர்கள். நல்ல மனதோடு எழுதுகிறார்கள். ஆனால் ஒரே இடத்தில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். ஒலி தெளிவாக இருக்க வேண்டும், கேமரா ஆடக் கூடாது என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கதைக்கும் கேட்கும் பணத்துக்கும் தொடர்பில்லாமல் எழுதுவது

திருத்துறைப்பூண்டிக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் இருக்கும் ஒரு பள்ளியின் ஸ்கிரிப்டைச் சொல்கிறேன். தொடக்கத்தில் பள்ளியின் வரலாறு. அடுத்து ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி. அப்பா இல்லை, அம்மா வயல் வேலைக்குப் போகிறார். அம்மா பேசும்போது குரல் உடைகிறது. அதைப் படித்த எனக்கும் தொண்டை அடைத்தது. உடனே அடுத்த வரி: “எனவே பள்ளியின் வளர்ச்சி நிதிக்கு உங்களால் இயன்ற உதவியை நல்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.”

அந்த வீடியோவை அப்படியே எடுத்து அனுப்பியும்விட்டார்கள். மன்னார்குடி பக்கம் அரிசி ஆலை வைத்திருக்கும் ஒருவர் அதைப் பார்த்துக் கண் கலங்கியிருக்கிறார். பிறகு எனக்குப் போன் செய்து, “அந்தப் பிள்ளைக்கு இப்போது என்ன வேண்டுமாம்? எவ்வளவு அனுப்ப வேண்டும்?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. வீடியோவில் பதில் இருந்தால்தானே! கொடுக்க மனமிருந்த அவரும், பிறகு பார்க்கலாம் என்று போனை வைத்தார். இந்த ஒரு தவறு இன்றும் எனக்கு எரிச்சலூட்டுகிறது. கதை அவரை அழைத்துவந்து வாசலில் நிறுத்தியது. கதவைத் திறக்கத்தான் ஆளில்லை.

“இயன்றதைக் கொடுங்கள்” என்பது பணிவாகத் தோன்றும். பார்ப்பவர் மனதிலோ அது கணக்குப் போடும் வேலையை ஏற்றிவிடுகிறது. நூறு ரூபாய் அனுப்பினால் கேவலமாக நினைப்பார்களோ, ஆயிரம் அனுப்பினால் அது எதற்குப் போகும் என்று யோசிக்கிறார். யோசிக்கிற நேரத்தில் அடுத்த வீடியோ வந்துவிடும்.

அதனால் ஸ்கிரிப்டைக் கடைசியிலிருந்து எழுதச் சொல்கிறேன். முதலில் கேட்கும் வரி. அந்தப் பணம் எந்தத் தடையை நீக்குகிறதோ, அந்தத் தடையில் மாட்டிய பிள்ளையின் கதை அதற்குப் பிறகு. மேலே சொன்ன பள்ளியில் தலைமையாசிரியையோடு உட்கார்ந்து பேசினோம். கட்டடம், வண்ணம், கணினி என்று பட்டியல் நீண்டது. வருகைப் பதிவேட்டை எடுத்துவரச் சொன்னேன். அந்தச் சிறுமியின் பெயருக்கு நேராக ஜூன் முதல் செப்டம்பர் வரை கட்டங்கள் நிறைந்திருந்தன. அக்டோபர் பாதியிலிருந்து சிவப்பு மை. வடகிழக்குப் பருவமழையில் வாய்க்கால் கரையின் மண் பாதை சேறாகிவிடும். களையெடுக்க விடியற்காலையிலேயே போய்விடும் அம்மாவால் பிள்ளையைக் கொண்டுவந்து விட முடியாது. அதே பகுதியிலிருந்து வரும் 24 பிள்ளைகளுக்கும் இதே கதைதான். ஆனால் டிசம்பரில் ஒரு பகுதியில் மட்டும் சிவப்பு மை இல்லை. கேட்டேன். அந்த இரண்டு வாரமும் சோதனையாக ஒரு வாடகை வேன் விட்டார்களாம்.

வீடியோவே அந்தப் பக்கத்தில் இருந்தது. வேன் வாடகை மாதம் 18,000 ரூபாய். 24 பிள்ளைகளுக்குப் பிரித்தால் தலைக்கு 750. அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதத்துக்கு ஒரு பிள்ளைக்கு 2,250 ரூபாய், மொத்தம் 54,000. இரண்டு நிமிட ஸ்கிரிப்ட் இப்படி மாறியது: சிறுமி உற்சாகமாக வாய்ப்பாடு சொல்கிறாள், பதிவேட்டில் விரல் ஜூனிலிருந்து நகர்ந்து அக்டோபரில் நிற்கிறது, சேற்றுப் பாதை, அம்மாவின் இரண்டே வாக்கியம், வேன் வந்த இரண்டு வாரத்தின் நிறைந்த கட்டங்கள். ஒன்றே கால் நிமிடத்தில் தலைமையாசிரியை கேமராவைப் பார்த்துச் சொல்கிறார்:

“ஒரு பிள்ளை இந்த மழைக்காலம் முழுவதும் பள்ளிக்கு வர 2,250 ரூபாய் ஆகிறது. ஒரு பிள்ளையின் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். 24 பிள்ளைகளுக்கு மேல் பணம் வந்தால், அடுத்த ஆண்டு மழைக்கால வேனுக்கு வைத்துக்கொள்வோம்.”

கடைசி வாக்கியத்தை வெட்டிவிடாதீர்கள். வேனுக்கென்று கேட்டு வாங்கிய பணத்தை வேறு செலவுக்குத் திருப்பினால் கொடுத்தவரிடம் பொய் சொன்னதாகும். எனவே மிச்சம் எங்கே போகும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தொகையை 500, 1,000, 5,000, 25,000 என்று அடுக்கவும் வேண்டாம். அது மறுபடியும் பார்ப்பவரை யோசிக்க வைக்கும். முழுத் தொகை கனமாக இருப்பவர்களுக்கு “ஒரு மாதத்துக்கு 750” என்று ஒரே ஒரு மாற்று போதும். கேட்ட பிறகு பத்து விநாடி அந்தச் சிறுமி வேனில் ஏறும் காட்சி, மறுபடியும் தொகை, அவ்வளவுதான். புரவலர்களுக்கான நன்றிப் பட்டியல் அங்கே வரக் கூடாது.

பிள்ளையைக் கேட்க வைப்பது

“அண்ணா, அக்கா, எங்களுக்கு உதவுங்கள்” என்று பிள்ளையின் வாயில் வசனம் வைக்காதீர்கள். அவள் அந்த ஊரில்தான் வளரப் போகிறாள். நாளை அவளுடைய வகுப்புத் தோழர்களின் போனிலும் அந்த வீடியோ இருக்கும். பணம் கேட்பது பெரியவர்களின் வேலை. பிள்ளை தனக்குத் தெரிந்ததைச் செய்து காட்டட்டும். அம்மாவிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், முடித்த வீடியோவை அவருக்கு முதலில் போட்டுக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் அந்தக் காட்சி போக வேண்டியதுதான்.

கஜா புயல் காட்சிகள்

2018 நவம்பரில் எடுத்த காட்சியை இந்த ஆண்டுக் கோரிக்கையில் போடாதீர்கள்.

திரையில் க்யூஆர் கோடு மட்டும்

வாட்ஸ்அப்பில் வரும் வீடியோவைப் பார்ப்பவர் கையில் இருப்பது ஒரே போன். அதன் திரையில் ஓடும் கோடை அதே போனால் எப்படி ஸ்கேன் செய்வார்? யுபிஐ முகவரியைத் திரையில் காட்டுவதோடு நிற்காமல், வீடியோவோடு அனுப்பும் செய்தியிலும் எழுத்தாகக் கொடுங்கள், தொட்டு நகலெடுத்துக்கொள்வார்கள். கணக்கு அறக்கட்டளையின் பெயரில் இருக்க வேண்டும். தாளாளரின் சொந்தப் பெயர் திரையில் வந்தால் பாதிப் பேர் அங்கேயே பின்வாங்குவார்கள், அது நியாயமும்கூட.

80ஜி என்று நாம் சொல்லும் வரிச்சலுகைக்கான அங்கீகாரம் உங்களுக்கு இருந்தால் அதையும் ஒரு வரியில் சொல்லுங்கள். ஆனால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடையாது. நாம் கேட்பது 2,250. ஆகவே வங்கி வழியாக அனுப்பச் சொல்லுங்கள்.

சிங்கப்பூர் உறவினர்கள்

டெல்டாவில் எடுத்த வீடியோ ஒரே இரவில் கடல் கடந்துவிடும். அங்கே வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. அதே ஊர்க்காரர் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றுவிட்டால், அவர் தருவது வெளிநாட்டு நன்கொடை. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாத அறக்கட்டளை அதை வாங்கக் கூடாது. பதிவு பெற்றவர்களும் அதற்கென்று பாரத ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளையில் திறந்த கணக்கில்தான் வாங்க வேண்டும். பதிவு இல்லையென்றால் யுபிஐ முகவரிக்குக் கீழேயே எழுதிவிடுங்கள்: “இந்தியக் குடியுரிமை உள்ளவர்களிடமிருந்து மட்டுமே நன்கொடை பெறுகிறோம்.”